முன்பின் தெரியாத முகாமையாளரிடம் 15 நிமிடம் கேட்டு எழுதுவது

"அக்கா, நான் மட்டக்களப்பில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் மூன்று வருடமாகக் கணக்கு உதவியாளராக இருக்கிறேன். உள்ளகக் கணக்காய்வுக்கு மாற விருப்பம். கொழும்பில் வேறொரு நிதிக் கம்பனியில் கணக்காய்வு முகாமையாளராக இருக்கும் ஒரு சேரை லிங்க்ட்இன்னில் கண்டேன். எங்கட பக்கத்து ஆள், கல்முனைக் கிளையில் நான்கு வருடம் இருந்துதான் ஆடிட்டுக்குப் போயிருக்கிறார். எனக்கு அவரைத் தெரியாது. 15 நிமிடம் கதைக்கக் கேட்டு இப்படி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

'வணக்கம் சேர், நலமாக இருக்கிறீர்களா? தங்களின் பொன்னான நேரத்தை எடுப்பதற்கு மன்னிக்கவும். தங்களின் வளர்ச்சி எனக்கு மிகப் பெரிய முன்மாதிரி. நான் வந்தாறுமூலை கம்பஸில் வணிகம் படித்து முடித்து ஒரு லீசிங் கம்பனியில் வேலை செய்கிறேன். இங்கே முன்னேற வழியில்லை. எங்கள் கிளையில் கட்டுப்பாடும் சரியில்லை, போன மாதம்கூட வாகனப் பதிவுப் புத்தகம் வர முன்பே ஒரு ஃபைலுக்குக் காசு விட்டார்கள். ஆடிட் துறை பற்றி அறியவும் வழிகாட்டல் பெறவும் விரும்புகிறேன். நேரமிருக்கும்போது கதைக்கலாமா? தங்கள் கம்பனியில் வெற்றிடம் இருந்தாலும் அறியத்தரவும். சீவி இணைத்துள்ளேன்.'"

இதை இப்படியே அனுப்ப வேண்டாம் தங்கச்சி. ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், கேட்பதிலும் தவறில்லை. ஆனால் இந்த மெசேஜில் ஒரு வசனம் ஆபத்தானது. மற்ற வசனங்கள் அவருக்கு வேலை வைக்கின்றன. ஆபத்தானதை முதலில் சொல்கிறேன்.

பதிவுப் புத்தகம் வர முன்பே காசு விட்டார்கள் என்ற வசனத்தைச் சொல்கிறேன். கட்டுப்பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் அதை எழுதியிருப்பீர்கள். நானும் கொழும்பில் ஒரு நிதிக் கம்பனியின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் பதினொரு வருடம் இருந்தவள். அந்த வசனத்தை வாசித்தால் என் மனதில் முதலில் வருவது, இந்தப் பிள்ளை தன் கம்பனியின் உள்விஷயத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் போட்டிக் கம்பனிக்காரரிடம், முதல் மெசேஜிலேயே சொல்லிவிட்டதே என்பதுதான். கணக்காய்வில் ஒருவரை எடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது வாய்க்காவல். ஒரு கிளைக்குப் போய் பத்து நாள் இருந்து, காசாளரின் தவறிலிருந்து முகாமையாளரின் கையொப்பம் வரை பார்த்துவிட்டு, அறிக்கையில் எழுத வேண்டியதை மட்டும் எழுதி, மற்றதை எங்கும் கதைக்காமல் திரும்பி வருகிற ஆள்தான் அந்த வேலைக்குத் தேவை. உங்கள் வசனம் அதற்கு நேர் எதிரான சாட்சியாக நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. லீசிங், நிதிக் கம்பனி உலகம் சின்னது. இன்று உங்கள் பிராந்திய முகாமையாளராக இருப்பவர் ஐந்து வருடத்துக்கு முன் அவருடைய கம்பனியில் இருந்திருக்கலாம். ஸ்க்ரீன்ஷொட் எடுக்க இரண்டு விரல் போதும். உங்கள் கிளையில் உண்மையாகவே அப்படி நடந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் கம்பனியின் கணக்காய்வுப் பிரிவு, அல்லது முறைப்பாட்டுக்கென்று உங்கள் கம்பனி வைத்திருக்கும் வழி. அது இந்த மெசேஜோடு சேராத வேறு விஷயம்.

அந்த வசனத்தால் நீங்கள் காட்ட நினைத்ததை இரகசியம் ஒன்றும் வெளியே போகாமலே காட்டலாம். "காசு விட முன் ஃபைலில் உள்ள ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு" என்று எழுதுங்கள். யாரையும் குறை சொல்லாமல், உங்கள் கையில் இருக்கும் வேலை கணக்காய்வுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று அந்த ஒரு வரி அவருக்குச் சொல்லிவிடும். "இங்கே முன்னேற வழியில்லை" என்பதையும் எடுத்துவிடுங்கள். தன் கம்பனியை இன்னொரு கம்பனிக்காரரிடம் குறை சொல்லித் தொடங்குகிறவர், நாளை தன்னையும் இப்படித்தான் சொல்வார் என்று வாசிக்கிறவர் நினைத்துக்கொள்வார்.

அடுத்தது, அவருக்கு வைக்கும் வேலை. அவர் எந்த நிலையில் இதை வாசிப்பார் என்று யோசியுங்கள். கூட்டம் முடிந்து லிஃப்டுக்கு நிற்கும்போதோ, கிளைக்குப் போகும் வாகனத்திலோ, போன் திரையில் முதல் இரண்டு வரி தெரியும். உங்கள் முதல் இரண்டு வரியில் நலம் விசாரிப்பும் மன்னிப்பும் இருக்கின்றன. நீங்கள் யார், என்ன வேண்டும் என்பது அங்கே இல்லை. மன்னிப்புக் கேட்பது எங்கள் பழக்கத்தில் மரியாதைதான், ஆனால் எழுத்தில் அது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவருடைய நேரத்தை மதிக்கிறீர்கள் என்பதை, கேட்பதைச் சிறிதாக்கிக் காட்டுங்கள், மன்னிப்பு வசனத்தால் அல்ல.

"ஆடிட் துறை பற்றி அறிய" என்ற வரியைப் பாருங்கள். அதற்கு அவர் என்ன பதில் எழுதுவார்? எங்கிருந்து தொடங்குவது என்று அவரே யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டியதை எல்லாரும் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்குவார்கள், ஒதுக்கினது அப்படியே கிடக்கும். எனக்கு வந்தவற்றில் நான் பதில் எழுதாமல் விட்டவை பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். எனக்கு அந்தப் பிள்ளைகளில் விருப்பமில்லாமல் இல்லை, பதிலை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

ஆகவே கேள்வியை நீங்களே கூர்மையாக்கிக் கொடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பதிலை அவரிடம் கேட்காதீர்கள். உள்ளகக் கணக்காய்வாளருக்கான சிஐஏ தகுதிக்கு மூன்று பகுதியாகப் பரீட்சை இருக்கிறது, கட்டணம் இவ்வளவு, எங்கே பதிவது என்பதெல்லாம் தேடினால் வரும். அவரிடம் மட்டும் இருப்பது அவர் வந்த வழி. கிளையில் நான்கு வருடம் இருந்தவரைக் கணக்காய்வுப் பிரிவு ஏன் எடுத்தது, நேர்முகத்தில் கிளை அனுபவத்தை அவர் எப்படி எடுத்து வைத்தார், படிப்பை எந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டு மாறினார் என்பது அவருக்குத்தான் தெரியும். உங்களுக்கு உண்மையாகவே முடிவெடுக்க வேண்டியிருக்கும் ஒரு விஷயம் இதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டயக் கணக்காளர் படிப்பில் பாதியில் நிற்கிறேன் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் கேள்வி: முடித்துவிட்டு மாறுவதா, பாதியோடே இப்போது மாறுவதா.

"நேரமிருக்கும்போது கதைக்கலாமா" என்பதும் அவருக்கு வேலைதான். நேரமிருக்கும்போது என்றால் ஒருநாளும் இராது. எவ்வளவு நேரம், எந்த நாட்களுக்குள், போனிலா நேரிலா, யார் அழைப்பது என்ற நான்கையும் நீங்களே சொல்லிவிட்டால், அவர் "வியாழன் 6 மணி" என்று எழுதினால் போதும். போனில் கேட்பதுதான் உங்களுக்கும் நல்லது. நேரில் என்றால் நீங்கள் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும், அந்தப் பாரத்தை அவரும் உணர்வார். தெரியாத ஒருவரை முதல் தடவை தனியாகப் போய்ச் சந்திக்க வேண்டிய தேவையும் இல்லை. அவரே சந்திக்கக் கூப்பிட்டால், அலுவலக நேரத்தில் அலுவலகத்தில் என்றால் போகலாம். வேறு இடம், வேறு நேரம் என்றால் "இப்போதைக்குப் போனிலேயே கதைப்போம் சேர்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வெற்றிடம் கேட்டதையும் சீவி இணைத்ததையும் எடுத்துவிடுங்கள். ஆலோசனை கேட்கிறேன் என்று தொடங்கி வெற்றிடம் கேட்டால் முன்னால் எழுதின எல்லாம் முகவுரையாகிப் போகும். அவர் உடனே மனிதவளப் பிரிவின் ஈமெயிலைத் தந்து முடித்துவிடுவார், உங்களுக்கு வேண்டிய 15 நிமிடமும் போய்விடும். அதேநேரம் "நான் வேலை கேட்கவில்லை" என்று எழுதவும் வேண்டாம். அவர் நினைக்காததை நினைக்க வைக்கும் வரி அது. கதைக்கும்போது அவரே "வேலை தேடுகிறீர்களா" என்று கேட்டால் ஓம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவருடைய கம்பனியில் வெற்றிடம் விளம்பரமாகி, உங்களுக்கு வேண்டியது அந்த வேலைதான் என்றால், 15 நிமிடம் கேட்காமல் நேரே விண்ணப்பியுங்கள். அதுதான் நேர்மை.

நான் என்றால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சேர். நான் மட்டக்களப்பில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் மூன்று வருடமாகக் கணக்கு உதவியாளர். நீங்கள் கல்முனைக் கிளையில் நான்கு வருடம் இருந்து உள்ளகக் கணக்காய்வுக்கு மாறியதை உங்கள் பக்கத்தில் பார்த்தேன். நானும் அந்த வழியில் போக முயற்சிக்கிறேன். காசு விட முன் ஃபைல் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது இப்போது என் பொறுப்பு. பட்டயக் கணக்காளர் படிப்பில் பாதியில் நிற்கிறேன். அதை முடித்துவிட்டு மாறுவதா, கிளை அனுபவத்தோடு இப்போதே மாறுவதா என்பதில் உங்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன். அடுத்த இரண்டு கிழமைக்குள் ஒருநாள் போனில் 15 நிமிடம் கதைக்க முடியுமா? கிழமை நாட்களில் மாலை 5.30க்குப் பிறகும் சனிக்கிழமை முழுநாளும் எனக்கு முடியும், நீங்கள் சொல்லும் நேரத்துக்கு நானே அழைக்கிறேன். அதற்கு நேரமில்லை என்றால், இந்தக் கேள்விக்கு இரண்டு வரி எழுதினாலும் எனக்குப் பெரிய உதவி. நன்றி சேர்."

கடைசிக்கு முதல் வரியைக் கவனியுங்கள். மறுக்கச் சங்கடப்பட்டுத்தான் பலர் பேசாமல் இருப்பார்கள். சிறிய வாசல் ஒன்றைத் திறந்து விட்டால் கதைக்க நேரமில்லாதவரும் இரண்டு வரி எழுதிவிடுவார். அந்த இரண்டு வரியிலேயே உங்களுக்கு வேண்டியது இருக்கவும் கூடும்.

ஊர்க்காரர் என்பதை நான் தனியாக எழுதவில்லை. கல்முனை என்ற சொல் வந்துவிட்டது, அது போதும். "நானும் உங்கள் ஊர்ப் பிள்ளை, கைவிட மாட்டீர்கள்" என்று எழுதினால் அது உரிமை கேட்பதாகிவிடும். எங்கள் பக்கத்தில் ஆளைப் பிடித்துப் போகும் பழக்கம் நிறைய இருப்பதால், மேலே போன பலர் அந்தத் தொனி வந்தாலே ஒதுங்குகிறார்கள். அவரை உண்மையாகவே தெரிந்த ஒருவர் உங்களுக்கும் தெரிந்தவராக இருந்தால் அது வேறு. அந்த ஆளிடம் அனுமதி கேட்டு, "இன்னார் உங்களிடம் கேட்கச் சொன்னார்" என்று முதல் வரியில் போடுங்கள். அனுமதி இல்லாமல் பெயரைப் போடவே கூடாது, அவர் போன் எடுத்து விசாரிப்பார். யாரிடமோ வாங்கின இலக்கத்துக்கு நேரே வட்ஸ்அப் போடுவதும் அப்படித்தான், வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே போன மாதிரி.

"சேர்" என்றே வைத்திருங்கள். "அண்ணா" என்று கூப்பிடச் சொல்வது அவருடைய கையில். முஸ்லிம் பெயராக இருந்து நீங்களும் முஸ்லிம் என்றால் ஸலாத்தோடு தொடங்கலாம், இல்லையென்றால் வணக்கம் யாருக்கும் பொருந்தும். மொழியைப் பற்றி ஒரு விஷயம்: அவர் தன் பதிவுகளில் எந்த மொழியில் எழுதுகிறாரோ அந்த மொழியில் எழுதுங்கள். ஆங்கிலம் என்றால் இதே வரிசையில், உங்களுக்கு வருகிற எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். எங்கேயோ இருந்து எடுத்த பெரிய வசனம் போனில் கதைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்ப வேண்டாம், நண்பருக்கு எழுதின மாதிரி இருக்கும்.

லிங்க்ட்இன்னில் ஒரு சிக்கல் உண்டு. இணைப்புக் கேட்கும்போது எழுதும் குறிப்புக்கு இரண்டு மூன்று வரி இடம்தான் தருவார்கள், மேலே உள்ள முழு மெசேஜ் அதற்குள் போகாது. அங்கே "மட்டக்களப்பு லீசிங் கிளையில் கணக்கு உதவியாளர். கிளையிலிருந்து கணக்காய்வுக்குப் போன உங்கள் வழி பற்றி ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்" என்று மட்டும் எழுதி, அவர் ஏற்ற பிறகு முழுதையும் அனுப்புங்கள். ஏற்ற அன்றோ அடுத்த நாளோ அனுப்பிவிட வேண்டும், கிழமைகள் போனால் நீங்கள் யார் என்பது அவருக்கு மறந்துவிடும். அனுப்ப முன் உங்கள் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அவர் பதில் எழுத முன் உங்கள் பெயரைத் தட்டிப் பார்ப்பார். அங்கே இன்னும் "மாணவி" என்று இருந்தால் மெசேஜில் உள்ள மூன்று வருடம் பொய் போலத் தெரியும்.

எப்போது அனுப்புவது என்பதில் இந்தத் துறைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நிதிக் கம்பனிகள் பெரும்பாலும் மார்ச் 31 இல் வருடத்தை முடிக்கின்றன. வங்கிகளுக்கு டிசம்பர் 31. வருடம் முடியும் காலத்திலும், அதன் பிறகு வெளிக் கணக்காய்வாளர்கள் வந்து நிற்கும் கிழமைகளிலும் கணக்காய்வுப் பிரிவில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. காலாண்டுக்கொரு தடவை கணக்காய்வுக் குழுவுக்கு அறிக்கை போகிற நாட்களும் அப்படித்தான். ஏப்ரலில் அதோடு புதுவருட விடுமுறையும் சேர்ந்துவிடும். மாதக் கடைசியையும் மாத முதல் கிழமையையும் விட்டு, நடு மாதத்தில் செவ்வாய் அல்லது புதன் காலை அனுப்புங்கள். போயா நாளில் அனுப்பினால் அடுத்த நாள் வந்து குவியும் மெயிலுக்குள் போய்விடும்.

பதில் வராமல் இருக்கவும் கூடும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். பத்து நாள் பொறுத்து ஒரேயொரு தடவை ஞாபகப்படுத்தலாம்: "சேர், போன கிழமை அனுப்பிய கேள்வி பற்றி. இப்போது நேரமில்லை என்றால் பரவாயில்லை, அடுத்த மாதம் வசதி என்றாலும் நான் காத்திருப்பேன்." அதோடு நிறுத்திவிடுங்கள். வாசித்ததாகக் காட்டிவிட்டுப் பதில் போடவில்லையே என்று மூன்றாவது தடவை எழுதின ஒருவரை எனக்கு இன்றும் ஞாபகம், அவருடைய சீவி பிறகு என் மேசைக்கு வந்தபோதும் அந்த ஞாபகம்தான் முதலில் வந்தது. ஒருவரை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். வெவ்வேறு கம்பனிகளில் நான்கைந்து பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவரையும் ஏன் கேட்கிறீர்கள் என்ற வரியை ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதுங்கள். ஒரே பிரிவில் இருவருக்கு ஒரே மெசேஜ் போனால், தேநீர் நேரத்தில் இருவரும் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

"கேள்விகளை அனுப்புங்கள்" என்று அவர் பதில் எழுதினால் அதை மறுப்பு என்று எடுக்காதீர்கள், அது சம்மதம்தான். மூன்று கேள்விக்கு மேல் அனுப்ப வேண்டாம், முக்கியமானதை முதலில் வையுங்கள். "சீவி அனுப்புங்கள்" என்றால் அன்றே அனுப்புங்கள், ஒரு பக்கம், அதிகம் என்றால் இரண்டு. போனில் என்றால் அவர் சொன்ன நிமிடத்துக்கு அழைத்து, "15 நிமிடம் கேட்டிருந்தேன் சேர், இப்போது வசதிதானே" என்று தொடங்குங்கள். உங்கள் கதையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டுக் கேள்விக்குப் போங்கள். சம்பளம் எவ்வளவு, அவருடைய கம்பனி இப்போது எந்தக் கிளையைப் பார்க்கிறது போன்றவற்றைக் கேட்காதீர்கள். அவராகவே உங்கள் கிளையின் நிலைமையைக் கேட்டால், "அதைப் பற்றிக் கதைப்பது சரியில்லை சேர்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கணக்காய்வில் இருக்கும் ஒருவர் அந்தப் பதிலைக் குறையாக எடுக்கமாட்டார்.

பதினான்காவது நிமிடத்தில் நீங்களே நிறுத்த வேண்டும்: "நான் கேட்ட நேரம் முடிகிறது சேர்." அவருக்கு விருப்பமென்றால் அவரே தொடர்வார். முடிக்க முன் ஒன்று கேளுங்கள்: "இது பற்றி நான் இன்னும் ஒருவரோடு கதைக்க வேண்டும் என்றால் யாரோடு கதைக்கலாம்?" அவர் ஒரு பெயர் சொன்னால் அடுத்த மெசேஜின் முதல் வரி உங்களுக்குக் கிடைத்துவிட்டது, அந்தப் பெயரைப் போடலாமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று மாலையே இரண்டு வரியில் நன்றி எழுதுங்கள், அவர் சொன்னதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து. அதைச் செய்து முடித்த பிறகு, இரண்டு மாதமானாலும், "நீங்கள் சொன்னபடி அந்தப் பாடத்துக்குப் பதிந்துவிட்டேன் சேர்" என்று ஒரு வரி அனுப்புங்கள். எனக்கு அப்படி எழுதினவர்கள் மிகச் சிலர். அவர்களுடைய பெயர்கள் எனக்கு இன்றும் தெரியும், வெற்றிடம் வந்தபோது இருவரை நானே கூப்பிட்டேன்.

அனுப்ப முன் அவருடைய பெயரையும் கம்பனியின் பெயரையும் எழுத்தெழுத்தாக அவருடைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபைலில் நீங்கள் தினமும் செய்கிற வேலைதானே.